பதில் இல்லாத கேள்விக்கும் ஒரு தேதி

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காகவும் சேர்த்தே பேசுகிறேன்.

சென்ற மாதம் ஏழாம் தேதி, ஞாயிறு இரவு, நம் குடியிருப்பாளர் ஒருவரிடமிருந்து நீண்ட மின்னஞ்சல் வந்தது. குழாய்த் தண்ணீரில் வாடை, வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அந்தக் கோபத்தோடு லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம், தணிக்கை என்று ஒன்பது கேள்விகள் கேட்டிருந்தார். அன்றிரவு ஐந்துக்குத்தான் எங்களிடம் பதில் இருந்தது. மீதி நான்கும் வரட்டும், சேர்த்து எழுதலாம் என்று கமிட்டியில் ஒரு பேச்சு எழுந்தது. அப்படிச் செய்திருந்தால் மாதம் முடிந்துதான் எழுதியிருப்போம். அதுவரை அவர் எந்தத் தண்ணீரைக் குடிப்பது?

திங்கள் மாலையே பதில் போனது. அவருடைய கேள்விகளை அவர் எழுதிய சொற்களிலேயே எடுத்து, வரிசை எண் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் பதிலை எழுதினோம். நம் சொற்களில் சுருக்கி எழுதினால் சங்கடமான கேள்விதான் முதலில் காணாமல் போகும். தொட்டி கடைசியாகக் கழுவிய தேதி பதிவேட்டில் இருந்தது; அதை எழுதினோம். தெரிந்த மற்ற நான்கையும் எழுதினோம். பதில் இல்லாத நான்கின் கீழே எழுதியதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, தண்ணீர் சுத்தமா என்ற கேள்வி. திங்கள் காலை கிருமி நீக்கிய பாட்டிலில் மாதிரி பிடித்து, மதியத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிட்டோம். கோலிஃபார்ம் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, மாதிரியைச் சூட்டில் வைத்து 24 முதல் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் உறுதிசெய்ய இன்னும் இரண்டு நாள் வரை ஆகும். இதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. ஆய்வகம் வெள்ளி என்றது. நாங்கள் "13ஆம் தேதி, சனிக்கிழமை மாலைக்குள்" என்று எழுதினோம். "அதுவரை கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்றும் சேர்த்தோம். பதில் வரும்வரை என்ன செய்வது என்பதும் பதிலில் சேர்ந்ததுதான்.

லிஃப்ட் மெக்கானிக் சேலத்திலிருந்து வர வேண்டும். அவர் சொன்ன நாளை ஒட்டி 18, வியாழன் என்று கொடுத்தோம். தணிக்கை அறிக்கைக்கு ஆடிட்டரிடமே கேட்டு 31 என்று எழுதினோம். எல்லாவற்றுக்கும் சேர்த்து 31 என்று போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்படிப் போட்டால் சனிக்கிழமையே கிடைக்கும் தண்ணீர் முடிவு, ஆடிட்டருக்காகக் காத்திருக்கும்.

கட்டணத்தைக் குறைப்பீர்களா என்ற கேள்வி வேறு வகை. அது கமிட்டி கூடி எடுக்க வேண்டிய முடிவு. என்ன முடிவாகும் என்று செயலாளர் வாக்குக் கொடுக்க முடியாது. "21, ஞாயிறு கூட்டத்தில் இது பேசப்படும், முடிவு எதுவானாலும் 22 அன்று எழுதுகிறோம்" என்பதுதான் நான் கொடுக்கக்கூடிய வாக்கு. "பரிசீலிக்கிறோம்" என்று மட்டும் எழுதினால் அவர் பாதி சம்மதம் என்று எடுத்துக்கொள்வார், பிறகு சண்டை வரும்.

இது நாங்கள் கண்டுபிடித்த முறையல்ல. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேட்டிலேயே இருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் எழுதிய கடிதத்துக்கு இறுதிப் பதில் தாமதமாகும் என்று தெரிந்தால், பதினைந்து நாளுக்குள் இடைக்காலப் பதில் அனுப்ப வேண்டும். இறுதிப் பதில் எப்போது வரக்கூடும் என்ற தேதியும் அதில் இருக்க வேண்டும். அவையில் அமைச்சர் "தகவல் திரட்டப்படுகிறது" என்று சொன்னால் அதுவும் ஓர் உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். கண்காணிக்கத் தனிக் குழுவே உண்டு. நமக்கு அந்தக் குழுவாக இருப்பது அலுவலக நாட்காட்டி. மின்னஞ்சல் அனுப்பிய கையோடு நான்கு தேதிகளையும், பொறுப்பானவர் பெயரோடு அதில் எழுதினோம். எழுதாத தேதி மறந்துபோகும்.

சனிக்கிழமை தண்ணீர் முடிவு கையில் இருந்தது, அனுப்பினோம். கிருமி இருந்தது, மறுநாளே தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டோம். ஆனால் 18ஆம் தேதி மெக்கானிக் வரவில்லை. தேதி தப்பினால் அந்தத் தேதி முடிவதற்குள் நாமே எழுத வேண்டும். அவர் கேட்ட பிறகு சொன்னால் அது சாக்குப்போக்காகத்தான் தெரியும். மதியமே அதே மின்னஞ்சல் தொடரில் எழுதினோம்: "ஆறாவது கேள்வி: மெக்கானிக் இன்று வரவில்லை. 23, செவ்வாய் வருவதாகச் சொல்கிறார். அன்று மாலை எழுதுகிறோம். அன்றும் வராவிட்டால் வேறு ஆளை அழைப்போம்." 23 அன்று வந்தார். தணிக்கை அறிக்கையும் சொன்ன தேதியில் போய்விட்டது.

இனி நீங்கள் எழுதும்போது கேள்விகளுக்கு எண் போட்டு எழுதினால் எங்களுக்கு வேலை பாதியாகும். போடாவிட்டாலும் பரவாயில்லை, நாங்கள் போட்டுக்கொள்கிறோம்.