ஒரு நாழிகை நிதானம்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடத்தப்பெற்ற பயிற்சி முகாமில், ஓய்வு பெற்ற பாங்கி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



தொலைபேசியில் போலீஸ் அதிகாரியைப் போலப் பேசி, "உம்மைக் கைது செய்துவிட்டோம், இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடியைப் பற்றி இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன். இதற்கு 'டிஜிட்டல் கைது' என்று மோசக்காரர்களே பெயர் சூட்டியிருக்கின்றனர். படித்தவர்களும், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்களுங்கூட இதில் அகப்பட்டிருக்கிறார்கள். நம் கிராமங்களில் நிலத்திற்கு நஷ்ட ஈடு பெற்றவர்களும், நெல் விற்ற பணத்தைப் பாங்கியில் இட்டு வைத்திருப்பவர்களும் இவர்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை.

நான் ஒரு கிளையின் மேலாளராக இருந்த காலத்தில் என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் காலை பதினொரு மணியளவில் அறுபது வயது மதிக்கத்தக்க விவசாயி ஒருவர் வந்தார். சாலை விரிவுக்காக எடுக்கப்பட்ட நிலத்திற்குக் கிடைத்த 9 லட்ச ரூபாயை எங்கள் கிளையில் வைப்புத் தொகையாகப் போட்டிருந்தார். அதை உடனே முறித்து, வெளி மாநிலத்திலுள்ள ஒரு கணக்கிற்கு அனுப்ப வேண்டும் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். "மகள் கலியாணச் செலவு" என்று காரணமும் சொன்னார்.

கவுண்டரில் இருந்த அம்மையாருக்கு ஐயம் எழுந்தது. அவர் மகளின் திருமணம் நடந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டதை அந்த அம்மையார் அறிவார். மேலும், பணம் செல்ல வேண்டிய கணக்கு ஒரு வியாபாரக் கம்பெனியின் பெயரில் இருந்தது. கேள்வி கேட்டால் உடனே விடை வரவில்லை. யாரோ சொல்லிக் கொடுப்பதற்குக் காத்திருப்பவர் போலத் தயங்கினார். சட்டைப் பையிலிருந்த கைப்பேசியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இணைப்பு துண்டிக்கப்படவில்லை, மறுமுனையில் ஒருவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அம்மையார் ஒரு துண்டுச் சீட்டில், "ஐயா, யாரேனும் மிரட்டுகிறார்களா? பேச வேண்டாம், தலையை அசைத்தால் போதும்" என்று எழ்தி நகர்த்தினார். பெரியவரின் கண்கள் கலங்கின; தலை அசைந்தது. அவரை என் அறைக்கு அழைத்து வந்து, கைப்பேசியின் இணைப்பைத் துண்டித்து, ஒரு குவளை மோர் கொடுத்து உட்கார வைத்தோம். நாங்கள் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. மேசைமேல் இருந்த கைப்பேசி மீண்டும் மீண்டும் அடித்தது, எடுக்கவில்லை. ஒரு நாழிகை கழிந்திருக்கும். பெரியவர் தாமாகவே நிமிர்ந்து, "ஏனம்மா, போலீசுக்காரர் எதற்காக ஒரு கம்பெனி பெயருக்குப் பணம் அனுப்பச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு கட்டு அறுந்தது.

காலை முதல் நடந்ததை அதன் பிறகுதான் அவர் விவரித்தார். எட்டரை மணிக்கு முதல் அழைப்பு வந்தது. "உங்கள் தொலைபேசி இணைப்பு இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், அதிகாரியுடன் பேச ஒன்பதை அழுத்தவும்" என்று ஓர் இயந்திரக் குரல் கூறியது. அழுத்தியதும், தொலைத்தொடர்பு இலாகா அதிகாரி என்று ஒருவன் பேசினான். பெரியவரின் ஆதார் எண்ணைக் கொண்டு பம்பாயில் ஒரு கணக்கு திறக்கப்பட்டு, அதில் கள்ளப் பணம் புழங்கியிருப்பதாகச் சொல்லி, 'பம்பாய் போலீசுக்கு' இணைப்பை மாற்றினான். படத்தோடு கூடிய அழைப்பில் சீருடை அணிந்த ஒருவன் தோன்றினான். அவன் பின்னால் தேசியக் கொடி இருந்தது. ஆதார் எண்ணையும் தந்தையார் பெயரையும் அவன் சரியாகச் சொன்னான். முத்திரை பதித்த வாரண்டு ஒன்றும் வாட்ஸ்அப்பில் வந்தது.

அதன் பின்னர், "கதவைத் தாழிடும். இது தேச இரகசியம். மனைவியிடம் சொன்னால் அவரும் குற்றவாளியாவார். உமது பணம் நேர்மையானதா என்று ரிசர்வ் பாங்கி சோதித்துத் திருப்பித் தரும். பன்னிரண்டு மணிக்குள் அனுப்பாவிட்டால் மாலையில் சிறை" என்று கட்டளை வந்தது. அச்சத்தில் கைப்பேசி வழியாகவே 40,000 ரூபாயை அனுப்பிவிட்டார். மிச்சத்திற்காகவே பாங்கிக்கு வந்தார். இணைப்பைத் துண்டிக்காமல் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், கலியாணச் செலவு என்று கூற வேண்டும் என்பவையும் அவன் இட்ட கட்டளைகளே.

நண்பர்களே, இந்த வலை மூன்று இழைகளால் பின்னப்பட்டிருக்கிறது. முதல் இழை அதிகாரம். சீருடையும் முத்திரையும் நம் வாயை அடைத்துவிடுகின்றன. இரண்டாவது இழை அவசரம். பன்னிரண்டு மணி என்று கெடு வைப்பதன் காரணம், பணம் பெறும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைக்கூட நாம் நின்று படித்துப் பார்க்கலாகாது என்பதே. மூன்றாவது இழை இரகசியம். மூன்றிலும் வலியது இதுதான். பெரியவரின் மனைவி அடுத்த அறையில்தான் இருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், "பம்பாயை நீங்கள் கண்டதுண்டா?" என்று அவர் கேட்டிருப்பார், கதை அங்கேயே முடிந்திருக்கும். இது மோசக்காரனுக்கும் தெரியும். ஆகவேதான் முதலில் கதவைத் தாழிடச் சொல்கிறான்.

மெய்யான கைது எப்படி நடக்க வேண்டும் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்றை எழுத வேண்டும். அதில் கைதாகிறவரின் குடும்பத்தாரில் ஒருவரோ, அவ்வூரின் மதிப்பிற்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். உறவினர் சாட்சியிடவில்லை என்றால், உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி தெரிவிக்கும் உரிமை தமக்கு உண்டு என்பதைக் கைதானவரிடம் சொல்ல வேண்டும். கைதானவரை இருபத்து நான்கு மணி நேரத்திற்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்பது நம் அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், சட்டம் சாட்சியைத் தேடுகிறது. மோசக்காரன் சாட்சிக்கு அஞ்சுகிறான். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால், அந்தச் சொல் ஒன்றே அவன் அதிகாரி அல்லன் என்பதற்குப் போதிய அடையாளம். தொலைபேசி வழியாகக் கைது செய்யும் முறை நம் நாட்டுச் சட்டத்தில் கிடையவே கிடையாது. ரிசர்வ் பாங்கி தனி மனிதர்களின் சேமிப்புக் கணக்கை வைத்துக்கொள்வதும் இல்லை. பணத்தை வாங்கிச் சோதித்துத் திருப்பித் தருவதும் இல்லை.

ஆதார் எண்ணைச் சரியாகச் சொன்னானே என்று சிலர் கேட்கலாம். நம் ஆதார் நகல் எத்தனை கடைகளிலும் அலுவலகங்களிலும் கிடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அது ஒரு சான்றே அல்ல என்பது விளங்கும்.

சரி, அழைப்பு வந்துவிட்டால் என்ன செய்வது? 2024 அக்டோபர் 27ஆம் தேதி வானொலி உரையில் பிரதமர் இம்மோசடியைக் குறித்துப் பேசுகையில், நில், நினை, பிறகு செயல்படு என்று மூன்று படிகளைச் சொன்னார். முதற்படி நிற்பது. ஆனால் இணைப்பு இருக்கும் வரையில் நிற்க முடியாது. அவன் குரல் காதில் ஒலிக்கும் வரையில் மனம் அவன் வசமே இருக்கும். ஆகவே, "நான் நேரில் நம் ஊர்ப் போலீஸ் நிலையத்திற்கு வருகிறேன்" என்று மட்டும் சொல்லி இணைப்பைத் துண்டியுங்கள். "துண்டித்தால் ஒரு மணி நேரத்தில் போலீஸ் வரும்" என்பான். வரட்டும். மெய்யான போலீஸ் வந்தால் வாசலில் நின்று பேசலாம். நாலு பேர் பார்க்கலாம்.

பிறகு வீட்டிலோ தெருவிலோ ஒருவரிடம் நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு நாழிகை, அதாவது இருபத்து நான்கு நிமிடம், எந்தப் பணத்தையும் தொடாதீர்கள். அந்த நேரத்தில் அவன் வேறு எண்களிலிருந்து அழைப்பான், அதட்டுவான், கெஞ்சவுங்கூடச் செய்வான். எடுக்க வேண்டாம். சரிபார்ப்பதற்கென்று அவன் ஓர் எண்ணைக் கொடுத்தால் அதை அழைப்பதிலும் பயனில்லை. அங்கே பேசுகிறவனும் அவன் கூட்டாளியே. நமக்கு முன்பே தெரிந்த எண்ணை அழைக்க வேண்டும். அல்லது நேரில் போக வேண்டும்.

பணம் போய்விட்டிருந்தால், நிதானம் வேறு, தாமதம் வேறு என்பதை மறவாதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள், cybercrime.gov.in என்ற தளத்திலும் புகார் பதியலாம். எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு தொகை சென்றது என்பதோடு, பணம் போனதற்கு வந்த செய்தியிலுள்ள பரிமாற்ற எண்ணையும் கொடுக்க வேண்டும். பணம் சென்று சேர்ந்த பாங்கிக்கு அதன் மூலம் தகவல் போகிறது. அங்கே பணம் இருந்தால் நிறுத்தி வைக்கிறார்கள். அடுத்த கணக்கிற்குப் போயிருந்தால் பின்தொடர்கிறார்கள். ஆனால் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டால் நிறுத்துவதற்கு ஒன்றும் இராது.

நம் பெரியவரின் 40,000 ரூபாயில் 26,000 ரூபாய் இரண்டாவது கணக்கில் பிடிபட்டது. மீதி 14,000 ரூபாய் அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது. பிடிபட்ட தொகையும் பல மாதம் கழித்து, கோர்ட்டு உத்தரவின் பேரிலேயே கைக்கு வந்தது. 9 லட்சம் மட்டும் முழுமையாகத் தப்பியது.

அவர் அன்று எங்களிடம் வேண்டிக்கொண்டது ஒன்றே: "ஊரில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்." ஏமாந்தவர் வெட்கத்தால் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு ஆதாயம். மிரட்டல் தொடங்கி வைத்த இரகசியத்தை வெட்கம் நீட்டித்துக் கொடுக்கிறது. ஆகவே ஊராட்சி உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். இப்படி அழைப்பு வந்தவர் எந்த நேரத்திலும் கதவைத் தட்டலாம் என்று உங்கள் வார்டில் அறிவியுங்கள். தட்டியவரைக் கேலி செய்யாமல் உட்கார வையுங்கள். சில மாதங்களுக்குப் பின் அந்தப் பெரியவரே தம் ஊர்ச் சபையில் எழுந்து நடந்ததைக் கூறினார். கேட்டிருந்தவர்களில் இருவர், தங்களுக்கும் அதே குரலில் அழைப்பு வந்ததென்று அப்போதுதான் வாய் திறந்தனர்.