பதினெட்டும் பதினாறும்

(தோட்டக் கமிட்டி வாலிபர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுவையில் கழிக்கிறதைப் பற்றித் தொழிலாளர்கள் சொல்வதை நீங்கள் போனில் பதிந்து வருகிறீர்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும்போது அது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தமிழ், பக்கத்திலேயே ஆங்கிலம். அதை எப்படிச் செய்வது என்று, நானே விட்ட ஒரு பிழையை வைத்துச் சொல்கிறேன்.

கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். அந்தத் தோட்டத்தில் முழுப்பேருக்கு 18 கிலோ எடுக்க வேண்டும். அவர் பேசியதில் ஓர் இடம் இப்படி இருந்தது: "கொழுந்து வந்து... பதினெட்டு... ம்... பதினாறுதான் போட்டாங்க, கழிச்சி. அப்ப அரைப்பேரு. நாங்க என்னத்த சொல்ல?"

பேச்சைச் சுத்தமாக எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். "வந்து", "ம்" எல்லாவற்றையும் எடுத்தேன். அக்கா வாய் தவறிப் பதினெட்டு என்று சொல்லிவிட்டு, பிறகு பதினாறு என்று திருத்துகிறார் என நினைத்து, பதினெட்டையும் எடுத்துவிட்டேன். "கழிச்சி" என்ற சொல் மெதுவாகக் கேட்டது, அதுவும் விடுபட்டுப்போனது. மிஞ்சியது: "கொழுந்து பதினாறுதான். அரைப்பேர் போட்டாங்க."

ஆங்கிலத்தைச் சரிபார்த்த தங்கச்சி கொழும்பில் படிக்கிறவர். "சேர், ‘ஹாஃப் நேம்’ என்றால் என்ன? பாதிப் பேரையா எழுதுவாங்க?" என்று கேட்டார். நான் "பேர்" என்பதை அப்படியே பெயர் என்று மாற்றியிருந்தேன். செக்ரோலில் பேர் விழுந்தால்தான் அந்த நாளுக்குச் சம்பளம், அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம் என்று விளக்குவதற்காக அந்த இடத்தை மறுபடி போட்டேன். இந்த முறை வேகத்தைக் குறைத்து, காதில் ஹெட்போன் வைத்துக் கேட்டோம். அப்போதுதான் விளங்கியது. அக்கா எடுத்தது பதினெட்டு. கழித்துப் புத்தகத்தில் போட்டது பதினாறு. அவருடைய முறைப்பாடே அந்த இரண்டு கிலோதான். சுத்தம் செய்கிறேன் என்று அதைத்தான் நான் துடைத்துவிட்டேன். அந்தத் தாள் மேசைக்குப் போயிருந்தால், "எடுத்ததே பதினாறு என்று அவரே சொல்லியிருக்கிறாரே" என்று நம் தாளையே நமக்கு எதிராகக் காட்டியிருப்பார்கள்.

அதனால் இப்போது இப்படிச் செய்கிறோம். முதலில் ஒலிப்பதிவைப் பிரதி எடுத்து, மூலத்தைத் தொடாமல் வைக்கிறோம். பிறகு கேட்டது கேட்டபடி, தடுமாற்றத்தோடு எழுதுகிறோம். ஒரு மணித்தியாலப் பேச்சுக்கு, பழகிய கைக்கே நாலைந்து மணித்தியாலம் போகும். கேட்காத இடத்தை ஊகித்து நிரப்புவதில்லை. ‘விளங்கவில்லை’ என்று நிமிடத்தோடு குறிக்கிறோம். சுத்தப் பிரதி அதற்குப் பிறகுதான். அதில் "ம்", "வந்து" போகலாம். எண், நாள், கழிவு, அடுத்தடுத்து வரும் இரண்டு கணக்கு, இவை போகக்கூடாது. திருத்திச் சொன்னாரா, இரண்டையும் சொன்னாரா என்று சந்தேகம் வந்தால் இரண்டையும் வைத்துவிட்டு, அவரிடமே கேட்க வேண்டும். "போட்டாங்க" என்பதை "போட்டார்கள்" என்று மாற்றுவதும் இல்லை. அது அவருடைய பேச்சு.

தாளில் மூன்று கட்டம்: நிமிடம், தமிழ், ஆங்கிலம். ஒரு வரிசையில் இரண்டு மூன்று வசனத்துக்கு மேல் வேண்டாம். அப்போதுதான் யாரும் தமிழுக்கு நேரே ஆங்கிலத்தை வைத்துப் பார்க்கலாம், சந்தேகம் வந்தால் அந்த நிமிடத்தைப் போட்டுக் கேட்கலாம்.

ஆங்கிலப் பக்கம் இன்னொரு கேள்வியும் கேட்கும். "போட்டாங்க" என்றால் யார்? மரியாதைக்கு ஒருவரைச் சொன்னாரா, பல பேரையா? தமிழில் அது மறைந்து நிற்கும். ஆங்கிலத்தில் ‘ஹீ’, ‘ஷீ’, ‘தே’ மூன்றில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும். அக்காவிடம் போய்க் கேட்டோம். நிறுக்கிற ஒருவர்தான் என்றார். அதைச் சதுர அடைப்புக்குள் போட்டு, பிறகு கேட்டு அறிந்தது என்று குறித்தோம். பதிவில் அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்கக்கூடாது.

கடைசியில் தமிழ்ப் பக்கம் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினோம். பேரை எடுத்துவிட்டோம். டிவிசனும் வயதும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவர் சொன்னதால், அவற்றையும் எடுத்தோம். பதினெட்டு என்ற இடம் வந்ததும் அவர் நிறுத்தச் சொன்னார். "அத நல்லா தெரியிற மாதிரி எழுதியிருக்கீங்களா, சேர்?" என்று கேட்டார். தாளைக் காட்டினேன். எழுத்துத் தெரியாதவர், எண் தெரியும். இரண்டு பக்கத்திலும் 18ஐ விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் சம்மதம் சொன்னார்.