எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது



என்னைப் பேசச் சொன்னதும், நான் ஏமாந்த கதையையே சொல்லிவிடலாம் என்று வந்துவிட்டேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி, குழுக் கடன் வாங்கி என் மகளுக்கு ஒரு பவுன், அதாவது 8 கிராம் செயின் எடுத்தேன். பணம் கட்டும்போது கடைக்காரர், "பில் போட்டா 3 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும்க்கா, சீட்டு போதும்ல?" என்றார். மிச்சம்தானே என்று நானும் தலையாட்டினேன். அவர் கொடுத்த வெள்ளைச் சீட்டில் மேலே 'எஸ்டிமேட்' என்று இருந்தது. கடை பேர் இல்லை, காரட் இல்லை. கொக்கிப் பக்கம் 916 என்று மட்டும் அடித்திருந்தது.

பிறகு மகள் காலேஜ் பீஸ் கட்ட அதை அடகு வைக்கப் போனேன். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது 22 காரட் இல்லை, 18 காரட் தரம்தான்" என்றார். எனக்கு நின்ற இடத்திலேயே கால் ஓடவில்லை. கடைக்குப் போய்க் கேட்டால், "எங்க கடையில வாங்கினதுக்கு என்ன ஆதாரம்?" என்கிறார்கள். என் கையில் இருந்தது பேரில்லாத சீட்டு. திரும்பி வந்துட்டேன்.

என் மகள்தான் கணக்குப் போட்டுக் காட்டினாள். 916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு சுத்தத் தங்கம். 8 கிராமில் 7.328 கிராம் இருக்கணும். 18 காரட் என்றால் 750 பங்கு, 6 கிராம்தான். ஒண்ணே கால் கிராமுக்கு மேல் போச்சு. நூத்துக்கு மூணு ரூபாய் வரி மிச்சம் பிடிக்கப் போய், நூத்துக்குப் பதினெட்டு ரூபாய்த் தங்கத்தை விட்டுட்டேன்.

அடுத்த தடவை நகை எடுத்தபோது முதலில் லென்ஸ் கேட்டேன். கடையில் அது இருக்கணும், கேட்டால் தரணும். 916 என்ற எண் மட்டும் ஹால்மார்க் ஆகாது. மூன்று குறி பார்க்கணும்: முக்கோண வடிவ பி.ஐ.எஸ். முத்திரை, 22K916 என்ற தரக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. இந்த ஆறு இலக்கம் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி. 2023 ஏப்ரல் 1 முதல் இது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. 2 கிராமுக்குக் குறைந்த மூக்குத்தி மாதிரிச் சின்ன நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. வீட்டில் இருக்கும் பழைய ஹால்மார்க் நகையில் ஆறு இலக்கம் இருக்காது, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மூன்று குறியும் இருந்தால் போதுமா? போதாது. செல்போனில் BIS CARE செயலியில் Verify HUID என்ற இடத்தில் அந்த ஆறு இலக்கத்தைப் போடணும். என்ன நகை, என்ன தரம், எந்த மையத்தில் சோதித்தது என்று வரும். எங்க பக்கத்துக் குழு அக்கா ஒருத்தர் செயின் எடுத்துவிட்டுப் போட்டுப் பார்த்தார். 'மோதிரம்' என்று வந்தது. வேறு நகையின் எண்ணை அதில் அடித்திருக்கிறார்கள். எண் வந்துவிட்டது என்று நிறுத்தாமல், நகையின் வகையும் தரமும் கையில் இருப்பதோடு பொருந்துதா என்று பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன்னாடியே பாருங்கள்.

அதற்குப் பிறகு பில். கடை பேரும் ஜி.எஸ்.டி. எண்ணும் போட்ட பில்லாக வாங்குங்கள். அதில் நகையின் பேர், 22 காரட் 916 என்ற தரம், தங்கத்தின் நிகர எடை, ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்கணும். கல் வைத்த நகை என்றால் கல் எடையைக் கழித்திருக்கணும். மொத்தம் 12 கிராம், கல் 1 கிராம் என்றால், தங்க விலையும் சேதாரமும் 11 கிராமுக்குத்தான். எச்.யூ.ஐ.டி. எண்ணையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போதுதான் அந்த நகைக்குத்தான் அந்த பில் என்று யாராலும் மறுக்க முடியாது.

அப்புறமும் சந்தேகம் வந்தால், பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஹால்மார்க் போட்ட நகையில் தரம் குறைந்திருந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பில் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடைக்காரர் தரணும் என்று விதி இருக்கு. புகாரை அதே செயலியிலும் கொடுக்கலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். ஆனா எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

என் பழைய செயின் இன்னும் என்னிடம்தான் இருக்கு. அந்த வெள்ளைச் சீட்டையும் வைத்திருக்கிறேன். எங்க குழுவில் யார் நகை எடுக்கப் போனாலும், அதைக் காட்டித்தான் அனுப்புறேன்.