புதிய நீர் ஆய்வுக்கூடக் கட்டடத் திறப்பு விழா: வரவேற்புரை



வரவேற்புரை நீளக் கூடாது என்பது நம் அறக்கட்டளைப் பெரியவர்களின் கட்டளை. பொருளுதவி செய்தோர் பெயர்கள் வாயிற்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை நான் மீண்டும் படித்தால் விடுபட்ட ஒரு பெயரே அனைவர் நினைவிலும் நிற்கும். ஆகவே இக்கட்டடம் ஏன் எழுந்தது என்பதைச் சொல்லி, அதனூடே சிலரை மட்டும் வரவேற்க விழைகிறேன்.

நீரை வடித்துப் பருகுதல் நம் குடும்பங்களில் வழிவழியாக வரும் ஒழுக்கம். வடித்த நீரைக் காய்ச்சிப் பருகுவோரும் நம்மிடையே பலர். கண்ணுக்குத் தோன்றாத உயிர்க்கும் ஊறு நேரக் கூடாது என்னும் ஜீவதயையே அதன் அடிப்படை. அதனால் நோய்க்கிருமிகளிலிருந்து நமக்கும் காப்புக் கிடைக்கிறது. ஆனால் இம்மாவட்டத்து ஆழ்குழாய் நீரில் கரைந்துள்ள புளோரைடு உயிர்ப்பொருள் அன்று. பாறையிலிருந்து கரைந்து வருவது. துணி அதனைத் தடுக்காது; தீயும் அதனை அழிக்காது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர்நிலை இல்லாதவிடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். ஓர் இல்லத்தில் 1.4 மில்லிகிராம் உள்ள நீரை 5 லிட்டர் எடுத்து, அது 4 லிட்டராகச் சுண்டும் வரை காய்ச்சுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆவியாகப் போனது நீர் மட்டுமே. 5 லிட்டரில் இருந்த 7 மில்லிகிராம் புளோரைடும் 4 லிட்டரிலேயே தங்கிவிடும். அதாவது லிட்டருக்கு 1.75 மில்லிகிராம். எல்லைக்குள் இருந்த நீர், தூய்மை செய்ததாக நாம் எண்ணிய அந்நேரத்தில் எல்லையைக் கடந்துவிடுகிறது. பாத்திரத்தை மூடி, கொதி வந்ததும் இறக்கினால் அளவு பெரிதும் ஏறாது. எனினும் குறையவே குறையாது. நம் விரதத்தை விட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வடித்தலும் காய்ச்சுதலும் ஒரு பணியைச் செய்கின்றன. அளந்து பார்த்தல் வேறொரு பணி.

இந்நீரின் தீங்கை இந்தியாவில் முதலில் உணர்ந்தோர் மருத்துவர் அல்லர், உழவர். அன்றைய சென்னை மாகாணத்தின் ஆந்திரப் பகுதிகளில் உழவு மாடுகள் மூட்டு இறுகி நடக்க மாட்டாமல் போனதை அவர்கள் கண்டனர். பிறகு மருத்துவர் ஷார்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் நெல்லூர் மாவட்டத்து மனிதரிடம் கண்ட நோயை 1937ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டனர். குழந்தையின் பல் உருவாகும் பருவத்தில் இந்நீர் உட்சென்றால் பல்லில் வெண்புள்ளியும் பழுப்புக் கறையும் படியும். அது பின்னர் மாறுவதில்லை. பல்லாண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். நம் மாவட்டத்தின் துயரும் இதுவே. இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் நிறைவேறி 2013ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரி நீர் வரும் தெருவுக்கு அது பெரும் விடுதலை. ஆயினும் குழாயில் நீர் வராத நாளில் ஆழ்குழாய் நீரையே குடிக்க நேர்கிறது. இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்துகொள்ளும் வீடும் இருக்கக்கூடும். அத்தகைய வீட்டின் அளவை வீட்டுக்கு வீடு அளந்தால்தான் சொல்ல முடியும். அடுத்தடுத்த இரண்டு கிணறுகளே மாறுபடும். பாறையின் இயல்பு, ஆழம், நீர் பாறையோடு தங்கியிருந்த காலம் ஆகியவற்றுக்கு ஏற்ப அளவு கூடும், குறையும். நிறமும் மணமும் சுவையும் ஒன்றையும் காட்டிக்கொடா.

இனி வரவேற்பு. மாடத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் வேதியியல் ஆசிரியை அம்மையாரை முதலில் வரவேற்கிறேன். கட்டடம் இல்லாத காலத்தில் மாலை வகுப்பறையில் ஒரு மேசை மேல் இப்பணியைத் தொடங்கியவர் அவர். அவர் வகுத்த முறையே இங்கும் தொடர்கிறது. அளவு தெரிந்த இரண்டு கரைசல்களில் மின்முனையை முதலில் இட்டுக் கருவியைச் சரிசெய்ய வேண்டும். மாதிரி நீரோடு சம அளவு துணைக்கரைசல் சேர்த்த பின்னரே அளக்க வேண்டும். பத்து மாதிரிக்கு ஒரு முறை, 1 மில்லிகிராம் என்று முன்பே அறிந்த கரைசலை மீண்டும் அளந்து பார்ப்பார். அது 1.2 என்று காட்டினால் அந்தப் பத்து முடிவுகளையும் அடித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவார். அன்று காத்திருந்தோர் முகம் சுளித்ததுண்டு. இன்று நம் தாளில் உள்ள எண்ணை ஊர் நம்புவது அந்த அடித்தலால்தான்.

அடுத்து, ஆழ்குழாய் தோண்டும் வண்டி ஓட்டும் தம்பியை வரவேற்கிறேன். அவர் கொணரும் ஒவ்வொரு பிளாஸ்டிக் புட்டியிலும் ஊர், நாள், ஆழம் மூன்றும் எழுதியிருக்கும். குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிறகே நிரப்புவார். ஆழம் எழுதாத புட்டி, முகவரி இல்லாத மடலைப் போன்றது. படிக்கலாம், ஆனால் யாருக்கு என்று தெரியாது.

நிலம் அளித்த முதியவர் தம் பெயரைக் கல்லில் வேண்டாம் என்றார். ஆகவே நானும் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றே: கட்டடம் எழுந்த பிறகு கரைசலுக்கும் மின்முனைக்கும் ஆண்டுதோறும் யார் செலவிடுவார்? இக்கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதன்று. தகடூர் என்றிருந்த இதே தருமபுரியில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில், நுளம்பர் ஆட்சியில், வணிகர் குடியைச் சேர்ந்த நிதியண்ணனும் சண்டியண்ணனும் ஜினாலயம் ஒன்றை எடுத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. எடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அதன் பழுது பார்த்தலுக்கும் பூசைக்கும் ஓர் ஊரின் வருவாய் ஒதுக்கப்பட்டது. நம் அறக்கட்டளையும் அவ்வாறே கட்டடக் கணக்கையும் பராமரிப்பு நிதியையும் தனித்தனியே வைத்துள்ளது. ஔஷத தானத்தில் பங்குகொள்ள விரும்புவோர் இரண்டாவதற்குத் தரலாம். அதற்குக் கல்வெட்டு கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இக்கூடத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். இங்கு நீர் அளக்கப்படும், தூய்மை செய்யப்படமாட்டாது. 1.5 மில்லிகிராமுக்கு மேல் வரும் மாதிரியை இன்னொரு முறை அளப்போம். அப்போதும் அவ்வாறே இருந்தால், அந்த நீரைக் குளிக்கவும் துலக்கவும் வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் காவிரி நீரையோ சேமித்த மழைநீரையோ கொள்ளுமாறு எழுதிக் கொடுப்போம். குழந்தைகள் உள்ள இல்லத்துக்கு அந்தத் தாளை நேரிலேயே கொண்டுசெல்வதென்று முடிவு செய்துள்ளோம்.

விழாவுக்குத் தலைமையேற்க வந்துள்ள பெரியவரை அறக்கட்டளையின் சார்பில் வணங்கி வரவேற்கிறேன். கதவைத் திறந்துவைக்குமாறு வேண்டுகிறேன். புட்டி கொண்டுவந்தோர் இடப்பக்க மேசையில் ஊரும் ஆழமும் எழுதி வைத்துவிட்டு உணவுக்குச் செல்லலாம். பொழுது சாய்வதற்கு முன் பந்தி முடிந்துவிடும்.