நுரையீரல் உச்சியில் ஒரு வெண்மை: மார்பு எக்ஸ்ரேயைப் படிக்கும் முறை

மார்பு எக்ஸ்ரே என்பது நிழல்களால் ஆன படமாகும். காற்று நிறைந்த நுரையீரல் அதில் கறுப்பாகவும், எலும்பு வெள்ளையாகவும், இதயம், தசை, நீர் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகவும் பதிகின்றன. படத்தைப் பார்ப்பவரின் கண் எடுப்பாகத் தெரியும் நிழலுக்கே முதலில் ஓடும். அது கிடைத்ததும் தேடல் நின்றுவிடும் என்பதால்தான், எந்தப் படத்தையும் ஒரே வரிசையில் பார்க்கும் வழக்கத்தை மருத்துவர்கள் பழகிக்கொள்கின்றனர்.

நெடுங்காலம் புகைபிடித்த, 58 வயதான ஒருவர், வலது தோளில் தொடங்கிக் கைக்குள் இறங்கும் வலியுடன் பல மாதங்கள் கழித்து மருத்துவரிடம் வருவதாகக் கொள்ளலாம். அவருடைய படத்தில் வலது நுரையீரலின் உச்சி, அதாவது காறை எலும்புக்கு மேலுள்ள சிறு பகுதி, வெளுத்திருக்கிறது. காசநோய் பரவலாக உள்ள நாட்டில் உச்சி வெளுப்பைக் கண்டதும் அந்நோயே முதலில் நினைவுக்கு வரும். அந்த நினைப்பில் பிழையில்லை, அதோடு நின்றுவிடுவதில்தான் பிழை இருக்கிறது.

வரிசையின் முதல் படி நோயைத் தேடுவதன்று, படத்தின் தரத்தை அறிவது. பெயரும், வலம் இடத்தைக் காட்டும் குறியும் சரியாக உள்ளனவா என்று பார்த்த பின், இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் நடுவில் தெரியும் முதுகெலும்பு முள்ளிலிருந்து சம தொலைவில் உள்ளனவா என்று நோக்க வேண்டும். அவை சமமாக இல்லையெனில் நோயாளி சற்றே திரும்பி நின்றிருக்கிறார் என்று பொருள். அத்தகைய படத்தில் நோயே இல்லாமலும் ஒரு பக்கம் கூடுதலாக வெளுக்கும், மூச்சுக்குழலும் நகர்ந்ததுபோல் தோன்றும். மூச்சை நன்கு இழுத்து நிறுத்தியிருந்தால், 6-ஆவது விலா எலும்பின் முன்பகுதி உதரவிதானத்தின் நடுவை ஏறத்தாழத் தொடும். மேற்சொன்னவரின் படம் இச்சோதனைகள் அனைத்திலும் தேறுகிறது. ஆகவே உச்சியில் தெரியும் வெண்மை படம் எடுத்த விதத்தால் வந்ததன்று.

அடுத்தது மூச்சுக்குழல். கழுத்திலிருந்து நடுவே இறங்கும் இக்கறுப்புப் பட்டை இயல்பிலேயே கீழ்ப்பகுதியில் சிறிது வலப்புறம் சாயும். பழைய காசநோய்த் தழும்பு சுருங்கும்போது மூச்சுக்குழலைத் தன் பக்கம் இழுக்கும், நுரையீரலின் வேர்ப்பகுதியையும் மேலே தூக்கும். இந்தப் படத்தில் இரண்டும் தத்தம் இடத்திலேயே இருப்பதால், உச்சியில் இருப்பது சுருங்கிய தழும்பு என்னும் விளக்கம் வலுவிழக்கிறது.

நுரையீரல்களை மேல், நடு, கீழ் எனப் பிரித்து, ஒவ்வொரு மட்டத்திலும் வலத்தை இடத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இறங்குவது வழக்கம். ஒப்பிடுகையில், இடது உச்சி தெளிவான கறுப்பாக இருக்க, வலது உச்சியில் ஒழுங்கற்ற கீழ்விளிம்புடன் தடித்த வெண்மை தெரிகிறது. காறை எலும்பும் முதல் விலா எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் அது என்பதால், சிறிய நிழல்கள் அங்கே எளிதில் மறைந்துபோகும். இதயத்தின் பின்புறமும் அத்தகைய மறைவிடமே.

இதயத்தைப் பொறுத்தவரை, அதன் அகலம் மார்பின் உள் அகலத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. ஆனால் இந்த அளவு, நெஞ்சு ஏட்டை ஒட்டியிருக்க, முதுகுப்புறத்திலிருந்து கதிர் செலுத்தி எடுத்த படத்துக்கே பொருந்தும். படுக்கையில் முன்புறமிருந்து எடுத்த படத்தில் இதயம் ஏட்டிலிருந்து விலகியிருப்பதால் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். இந்நோயாளியின் இதயத்தில் குறையில்லை.

பலரும் விரைந்து கடந்துவிடும் படி எலும்புகள்தாம். ஒவ்வொரு விலா எலும்பையும் முதுகெலும்பிலிருந்து முன்னோக்கி விளிம்பைப் பின்பற்றிச் செல்லும்போது, வலது 2-ஆவது விலா எலும்பின் பின்பகுதியில், வெண்மைக்கு நேர் மேலே, விளிம்புக் கோடு ஓரிடத்தில் இல்லாமலேயே போயிருக்கிறது. எலும்பு முறிந்திருந்தால் இரு முனைகளும் தெரியும். இங்கே எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறது. உச்சியில் வளர்ந்து விலா எலும்பையும் கைக்குச் செல்லும் நரம்புகளையும் தாக்கும் புற்றுநோய்க்கு, 1924-லும் 1932-லும் அதை விவரித்த பிலடெல்பியாவின் கதிரியக்க மருத்துவர் ஹென்றி பான்கோஸ்டின் பெயரே வழங்குகிறது. தோள்வலியின் காரணமும் இப்போது விளங்குகிறது.

எனினும் நிழல் மட்டுமே நோயின் பெயரைச் சொல்லிவிடாது. காசநோயும் அரிதாக விலா எலும்பை அரிக்கும். ஆகவே சளிப் பரிசோதனையோடு சிடி ஸ்கேனும், ஊசியால் எடுக்கும் திசுப் பரிசோதனையும் தேவை. அவற்றின் முடிவு வருமுன்பே, நோயாளியின் வலது கண்ணிமை சற்றுத் தொங்கியிருக்கிறதா, வலது கண்பாவை இடதைவிடச் சிறுத்திருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். உச்சியை ஒட்டிச் செல்லும் பரிவு நரம்பு தாக்கப்பட்டால் இவ்விரண்டும் தோன்றும்.