ஒரு வருடத்துக்கு அடுத்த வருடம் ஏன் கூடும்?
(படவேடு கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் சாமை அரிசித் தொழில் திட்டத்தை நாம ஏன் திருப்பி அனுப்பினோம் என்று பல குழுக்களிலிருந்து கேட்டிருந்தீர்கள். "லாபம்னு போட்டிருந்ததே, ஏன்க்கா வேண்டாம்னீங்க?" என்று ஒரு ஊக்குநர் சகோதரி நேரிலேயே கேட்டுவிட்டார். அதைத்தான் இன்று விவரமாய்ச் சொல்லப் போகிறோம்.

திட்டம் எழுதித் தந்தவர் ஒரு ஆலோசகர். நான்கு பக்கம், கலர் கட்டம் போட்டு அழகாய் இருந்தது. முதல் வருடம் விற்பனை 6 லட்சம், இரண்டாம் வருடம் 9 லட்சம், மூன்றாம் வருடம் 13 லட்சத்து 50 ஆயிரம். கீழே லாபம். அவ்வளவுதான். எத்தனை கிலோ, என்ன விலை, எந்தக் கடை, யார் வாங்குவது, ஒன்றுமே இல்லை. வருடா வருடம் ஒன்றரை மடங்காகிறது, ஆனால் ஏன் ஆகிறது என்று ஒரு வரி கூட இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் தெளிவாய் இருந்தது.

நாங்கள் முதலில் ரூபாயை கிலோவாக மாற்றினோம். ரூபாயாய் இருந்தால் நமக்குக் கண்ணில் படாது, கிலோவாய் வந்தால் மூட்டை தெரியும். அரை கிலோ பாக்கெட்டை கடைக்கு 40 ரூபாய்க்குப் போடுகிறோம். அப்படியென்றால் கிலோ 80. 6 லட்சத்துக்கு 7,500 கிலோ அரிசி விற்க வேண்டும். மாதத்துக்கு 625 கிலோ, அதாவது 1,250 பாக்கெட். மூன்றாம் வருடம் மாதத்துக்கு 2,800 பாக்கெட்டுக்கு மேல்.

இந்த 6 லட்சம் எங்கிருந்து வந்தது என்று ஆலோசகரைக் கேட்டோம். முதலில் மழுப்பினார். அப்புறம் சொன்னார்: "ஆடி மாதம் ரேணுகாம்பாள் கோயில்கிட்ட ஸ்டால் போட்டு 50,000 ரூபாய் வித்தீங்களே, அதைத்தான் 12ஆல பெருக்கினேன்." எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடி வெள்ளிக்கு வரும் ஜனம் தையில் வருமா? வெளியூர்க்காரர்கள் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள், மறுபடி அடுத்த ஆடிக்குத்தான் வருவார்கள். ஒன்றரை மடங்கு எப்படி என்றதற்கு, "பாங்கில அப்படித்தான் எதிர்பார்ப்பாங்க" என்றார். அதாவது அதற்குக் கணக்கே இல்லை.

சரி, உண்மையான விற்பனை எவ்வளவு என்று நாமே பார்ப்போம் என்று, திருவிழா இல்லாத ஒரு மாதமாய்ப் பார்த்து, சந்தவாசல், கண்ணமங்கலம் பக்கம் ஐந்து கடைகளில் கடைக்கு 20 பாக்கெட் வைத்தோம். மாதக் கடைசியில் போய் எண்ணினால் ஐந்து கடையிலும் சேர்த்து 60 பாக்கெட் விற்றிருந்தது. கடைக்கு 12. மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது திட்டத்தைப் பாருங்கள். மாதம் 1,250 பாக்கெட்டுக்கு 104 கடை வேண்டும். மூன்றாம் வருடத்துக்கு 234 கடை. நம்மிடம் பாக்கெட் கொண்டுபோய்ப் போட இரண்டு பேர், ஒரு மொபெட். ஒன்றரை மடங்கு என்று தாளில் எழுதுவது சுலபம், 130 கடைக்காரரைப் புதிதாய்ப் பிடிப்பது யார்?

அடுத்தது சாமை. மலை மேலே ஜமுனாமரத்தூர் பக்கம் மானாவாரியாய் வருடத்துக்கு ஒரு முறைதான் விளைகிறது. கிலோ 36 ரூபாய்க்கு வாங்குகிறோம். குத்தினால் 100 கிலோவுக்கு 60 கிலோ அரிசி வரும் என்று ஆலோசகர் போனில் சொன்னார். தாளில் அதுவும் இல்லை. அவர் சொன்னபடி 12,500 கிலோ சாமைக்கு நாலரை லட்சம். விற்பனையில் கழித்தால் ஒன்றரை லட்சம் மீதி. கூலி, பை, கரண்டு, வண்டிச் செலவு எல்லாம் ஒரு லட்சத்து 10 ஆயிரம். லாபம் 40,000. கேட்க நல்லாத்தான் இருக்கிறது.

நாங்கள் 50 கிலோவை மில்லுக்கு எடுத்துப்போய்க் குத்தி எடை போட்டோம். உமி, கல், தூசி, நொய் எல்லாம் போக நல்ல அரிசி 27 கிலோ. நூற்றுக்கு 54. ஆறு கிலோதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அதே 7,500 கிலோ அரிசிக்கு இப்போது கிட்டத்தட்ட 13,900 கிலோ சாமை வாங்க வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய். மீதி ஒரு லட்சம். செலவு ஒரு லட்சத்து 10 ஆயிரம். 40,000 லாபம் போய் 10,000 நஷ்டம். மிஷின் கடன் தவணையை இன்னும் சேர்க்கவே இல்லை.

இதில் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. அறுவடையில்தான் சாமை கிடைக்கும், அப்போதே வருடம் முழுதுக்கும் வாங்கிப் போட வேண்டும். விற்று வருகிற வரைக்கும் அந்தப் பணத்துக்கு யார் வட்டி கட்டுவது? நாலரை லட்சம் மெதுவாய்க் குறைந்து வந்தால் சராசரியாய் பாதி, இரண்டேகால் லட்சம் வருடம் முழுக்க முடங்கும். நூற்றுக்கு 12 வட்டி என்றால் 27,000 ரூபாய். திட்டத்தில் வட்டிக்கு வரியே இல்லை. விற்பனை ஏறினால் இதுவும் கூடவே ஏறும். மூன்றாம் வருடத்துக்கு அறுவடையில் பத்து லட்சம் கையில் வேண்டும். வளர்ச்சி என்றால் முதலில் பணம் உள்ளே போகும், அப்புறம்தான் வெளியே வரும்.

இவ்வளவு சந்தேகப்படணுமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஈமு கோழியை நினைத்துப் பாருங்கள். பெருந்துறையில் சுசி ஈமு பண்ணை ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, மாதம் 6,000 ரூபாய் என்று தாளில் காட்டியது. மாதா மாதம் வரும் தொகை தாளில் இருந்தது. அந்தக் கறியை யார் தின்பார்கள், என்ன விலைக்கு, எவ்வளவு விற்கிறது என்பது இல்லை. புதிதாய்ச் சேருகிறவர் பணம்தான் பழையவருக்குப் போகிறது என்பதை அந்தத் தாளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 2012 ஆகஸ்டில் பணம் நின்றது, ஜனம் போலீசுக்கு ஓடியது. நம்ம ஆலோசகர் ஏமாற்றுக்காரர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் அவசரத்தில் எழுதினார். ஆனால் தாளைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

திட்டத்தைத் திருப்பும்போது தீர்மான நோட்டில் இப்படி எழுதினோம்: ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும் எத்தனை, என்ன விலை, எங்கே பார்த்து எழுதியது என்று மூன்றும் இருக்க வேண்டும், வளர்ச்சி என்றால் எத்தனை புதுக் கடை, யார் போவார் என்று பெயரோடு இருக்க வேண்டும்.

புதுத் திட்டம் வந்திருக்கிறது. 40 கடை, கடைக்கு 12 பாக்கெட், அதோடு ஆடி ஸ்டால் தனியாக 50,000. மொத்தம் 2 லட்சத்து 80 ஆயிரம். லாபக் கட்டத்தில் முதல் வருடம் ஒன்றுமில்லை என்று அவரே எழுதிவிட்டார். மிஷின் கடனை நிறுத்தி வைத்திருக்கிறோம், மில்லில் கூலி கொடுத்துக் குத்துகிறோம். பாக்கெட்டை 44 ரூபாய்க்குப் போட்டால் அதே 12 விற்குமா என்று அதே ஐந்து கடைகளில் இந்த மாதம் வைத்திருக்கிறோம். மாதக் கடைசியில் எண்ணிவிட்டு வந்து சொல்கிறோம்.