சிம்னி வாங்குமுன் குழாய்க்கு வழி பாருங்கள்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேசச் சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. முறுக்கு சுடத் தெரியும், மேடையில பேசத் தெரியாது. ஆனா தலைவி அக்கா, "நீ சிம்னி வாங்கி ஏமாந்த கதையைச் சொல்லு, அது போதும்"னுட்டாங்க. நம்ம குழுக்கள்ல பலகாரம், ஊறுகாய், மசாலாப்பொடின்னு வீட்டிலேயே தொழில் செய்றவங்க நிறைய பேர் இருக்கீங்க. போன மாசம் மட்டும் நாலு பேர் சிம்னி வாங்க உள்கடன் கேட்டிருக்காங்களாம். அவங்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

நான் இருக்கிறது வாடகை வீடு, மாடி. சமையலறை 10 அடி நீளம், 8 அடி அகலம், 10 அடி உயரம். ரெண்டு அடுப்பு. வாரத்துல அஞ்சு நாள் எண்ணெய்ச் சட்டி காயும். மிளகாய் வறுத்தா ஹால்ல இருக்கிற மாமியாருக்கு இருமல் நிக்காது. அதனால குழுவுல 16,000 ரூபாய் உள்கடன் வாங்கிக் கடைக்குப் போனேன். சுவத்துல ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார்னு சொன்னேன். "ஓட்டையே வேண்டாம்மா, டக்ட் இல்லாத சிம்னி இருக்கு, உள்ளே கரி ஃபில்டர் இருக்கு, புகையைச் சுத்தம் பண்ணித் திரும்ப விட்டுடும். 1200 சக்ஷன்"னு கடைக்காரர் சொன்னார். டக்ட்னா வெளியே போற குழாய். அந்தக் குழாயே வேண்டாம்னதும் எனக்கு ரொம்பச் சந்தோஷம். 1200ங்கிற நம்பரும் பெரிசா இருந்தது. வாங்கிட்டேன்.

முதல் ரெண்டு வாரம் நெடி குறைஞ்ச மாதிரிதான் இருந்தது. மூணாவது மாசம் மேல் அலமாரியில கை வச்சா பிசுக்குன்னு ஒட்டுச்சு. காலையில சுவர்ல வேர்வை மாதிரி ஈரம். ராத்திரி சுட்டு ஆறவச்ச முறுக்கு காலையில நமத்துப் போயிருந்தது. ஒரு கடையிலிருந்து 12 பாக்கெட் திரும்பி வந்துச்சு. கடன் தவணை கட்டுற வாரத்துல அது நடந்தது. அப்பத்தான் இந்த மெஷின் உள்ளே என்னதான் நடக்குதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்க ஆரம்பிச்சேன்.

சிம்னி செய்றது எளிமையான வேலை. அடுப்புச் சூட்டுல புகையும் ஆவியும் தானாவே மேலே எழும்பும். மேலே இருக்கிற கூடு அதைக் கலையவிடாம பிடிச்சுக்குது. கூட்டுக்குள்ள ஒரு மோட்டார் விசிறி காத்தை இழுக்குது. காத்து உள்ளே போற வழியில வளைஞ்ச தகடுகள் அடுக்கிய ஃபில்டர் இருக்கும், பாஃபிள் ஃபில்டர்னு சொல்வாங்க. காத்து அந்தத் தகடுகளுக்குள்ள சட்டுச் சட்டுன்னு திரும்பித்தான் போகணும். காத்து திரும்பிடும், ஆனா எண்ணெய்த் துளி கனமானது, அதால திரும்ப முடியாது. தகட்டுல போய் மோதி ஒட்டி, வழிஞ்சு கீழே இருக்கிற கிண்ணத்துல சேரும். மீதி புகை, ஆவி, சூடு எல்லாம் குழாய் வழியா வீட்டுக்கு வெளியே போயிடும்.

டக்ட் இல்லாத சிம்னியில அந்தக் கடைசி வேலை நடக்காது. கரி ஃபில்டர் வாசனையைப் பிடிக்கும், அதுவும் கரி புதுசா இருக்கிற வரைக்கும்தான். எண்ணெய் படிஞ்சு அடைச்சுட்டா அதைக் கழுவ முடியாது, மாத்தணும். கம்பெனிக்காரங்க சில மாசத்துக்கு ஒரு தரம்னு எழுதியிருப்பாங்க. என்னைப் போல தினமும் எண்ணெய் காய்ச்சுறவங்களுக்கு அதுக்கும் முன்னாடியே தீர்ந்துடும். சூட்டையும் நீராவியையும் அந்தக் கரி நிறுத்தவே நிறுத்தாது. கேஸ் சரியா எரியாதப்ப வர்ற கார்பன் மோனாக்சைடையும் பிடிக்காது. எல்லாம் மேலே சுத்தி மறுபடி நம்ம தலைமேலதான் இறங்குது.

நீராவின்னா இட்லிப் பானையில வர்றது மட்டும்னு நான் நினைச்சிருந்தேன். பிளஸ் டூ படிக்கிற என் பொண்ணு, "கேஸ் எரிஞ்சாலே தண்ணி உண்டாகும்மா"ன்னு கெமிஸ்ட்ரி நோட்டுல கணக்குப் போட்டுக் காட்டினா. ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே தண்ணி, ஆவியா வெளியே வருதாம். நம்ம 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு தீர்ந்தா சுமார் 22 லிட்டர். பெரிய குடம் ஒண்ணரை! அவ்வளவும் என் சமையலறைக் காத்துலயே நின்னா முறுக்கு எப்படி மொறுமொறுன்னு இருக்கும்?

நல்லவேளை, நான் வாங்கினது ரெண்டு விதமாவும் மாட்டக்கூடிய மாடல். கரி ஃபில்டரைக் கழட்டிட்டு மேல் வாயில குழாய் மாட்டினா போதும். வீட்டுக்காரர்கிட்ட மறுபடி பேசினேன். சுவரைத் தொட வேண்டாம், ஜன்னலுக்கு மேலே இருக்கிற வெண்டிலேட்டர்ல ஒரு கண்ணாடியை மட்டும் கழட்டி, அதுக்குப் பதிலா தகரம் வச்சு அதுல வட்டமா வெட்டிக்கிறேன், காலி பண்ணும்போது கண்ணாடியைத் திரும்பப் போட்டுத் தர்றேன்னு சொன்னேன். சரின்னுட்டார். வாடகை வீட்டுக்காரங்க இந்த வழியை ஞாபகம் வச்சுக்கோங்க.

இங்கேயும் ஒரு தப்பு நடந்தது. மாட்ட வந்த தம்பி, சிம்னி வாய் 6 அங்குலம் இருக்க, 4 அங்குலப் பைப்பை ரெட்யூசர் வச்சு மாட்டிட்டார். பரண்மேல சுத்தி மூணு திருப்பம் வேற. ஓட விட்டா ஒரே இரைச்சல், புகை மட்டும் பாதி முன்பக்கமா வழிஞ்சு வந்தது. 6க்கும் 4க்கும் ரெண்டு அங்குலம்தானே வித்தியாசம்னு தோணும். ஆனா காத்து போற வாயோட பரப்பைக் கணக்குப் பண்ணினா, 4 அங்குலக் குழாய் ரெண்டு சேர்ந்தாலும் 6 அங்குலக் குழாய் ஒண்ணுக்கு ஈடாகாது. ஒவ்வொரு திருப்பமும் பல அடி நேர்க்குழாயைக் கூடச் சேர்த்த மாதிரி காத்தைத் தடுக்கும். அடுத்த வாரம் அதைக் கழட்டி, 6 அங்குல அலுமினியக் குழாயை நல்லா இழுத்து நீட்டி, ஒரே ஒரு திருப்பத்தோட வெண்டிலேட்டருக்குக் கொண்டுபோனோம். இழுக்காம விட்டா உள்ளே மடிப்பு மடிப்பா நின்னு எண்ணெய் தங்கும். வெளி முனை லேசா இறங்கின மாதிரி இருக்கட்டும், அப்பத்தான் உள்ளே குளிர்ந்து சேர்ற தண்ணி சிம்னிக்குள்ள திரும்பி வராது.

இப்ப அந்த 1200க்கு வர்றேன். ஒரு மணி நேரத்துல 1200 கன மீட்டர் காத்தை இழுக்கும்னு அர்த்தம். பெட்டியில பெரும்பாலும் போட்டிருக்கிறது அதிகபட்ச அளவு. குழாய், திருப்பம், எண்ணெய் படிஞ்ச ஃபில்டர் எல்லாம் சேர்ந்தா நம்ம வீட்டுல அதைவிடக் குறைச்சலாத்தான் கிடைக்கும். எவ்வளவு தேவைன்னு பார்க்க, என் அறையோட நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கினா 800 கன அடி, அதாவது சுமார் 23 கன மீட்டர். மணிக்கு 12 தடவை அறைக்காத்து மாறணும்னு வச்சா 276 தான் வருது. அப்ப 300 போதுமேன்னு கேட்கலாம். போதாது. ஏன்னா தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் புகை ஒரே மூச்சா எழும்பும், அறை முழுக்கப் பரவறதுக்கு முன்னாடியே அதைப் பிடிக்கணும். என் அனுபவத்துல, இந்த அளவு அறையில சாதாரண வீட்டுச் சமையலுக்கு 900, 1000 போதும். தினமும் பொரிக்கிறவங்க 1200 எடுக்கலாம். அதுக்குமேல 1500ன்னு காசு கொடுக்கிறதுக்குப் பதிலா, அந்தப் பணத்தைச் சரியான குழாய்க்குச் செலவு பண்ணுங்க. சின்னக் குழாயில பெரிய மோட்டார் மாட்டினா சத்தம்தான் கூடும்.

இன்னொண்ணு, காத்து வெளியே போகணும்னா அதே அளவு காத்து உள்ளே வரணும். புகை வெளியே வரக்கூடாதுன்னு கதவையெல்லாம் சாத்திட்டு ஓட்டினா சிம்னி மூச்சுத் திணறும். எனக்கு வெண்டிலேட்டர் வழியா புகை போறதால, அதுக்குக் கீழே இருக்கிற ஜன்னலைச் சாத்திட்டு, எதிர்ப்பக்கப் பின்கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பேன். ஜன்னலைத் திறந்தா போன புகையே திரும்பி வருது. ஃபேனையும் நிறுத்திடணும், இல்லைன்னா புகையைக் கூட்டுக்குள்ள போகவிடாம கலைச்சுடும்.

சரியா வேலை செய்யுதான்னு பார்க்க, கடைக்காரங்க ஃபில்டர்ல பேப்பரை ஒட்டவச்சுக் காட்டுவாங்க. அது இழுக்குதுன்னு மட்டும்தான் காட்டும். நான் செய்றது ஊதுபத்தி. அடுப்பைப் பத்தவைக்காம, முன்பக்கப் பர்னர் ஓரத்துல ஊதுபத்தியைப் பிடிங்க. புகை வளைஞ்சு கூட்டுக்குள்ள போனா நல்லது. நம்ம முகத்துக்கு வந்தா, சிம்னி ரொம்ப உயரத்துல இருக்கு, இல்லை குழாய்ல தடை இருக்கு. உயரம் உங்க மாடலோட புத்தகத்துல இருக்கும், பெரும்பாலும் அடுப்புக்கு மேலே 65 முதல் 75 சென்டிமீட்டர். அதைவிடக் கீழே இறக்கினா ஃபில்டர் எண்ணெய் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கு. ரெண்டு அடுப்புக்கு 60 சென்டிமீட்டர் அகலம், மூணு நாலு அடுப்புக்கு 90.

எண்ணெய்க் கிண்ணத்தையும் கவனிங்க. தினமும் பொரிச்சும் ஒரு மாசமா அது காய்ஞ்சு கிடந்தா எண்ணெய் வேற எங்கேயோ படியுதுன்னு அர்த்தம். நான் ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை சுடுதண்ணியும் பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் போட்டு ஊறவச்சுக் கழுவறேன். வெளிமுனையில கொசுவலை கட்டாதீங்க, நான் கட்டினேன், மூணே மாசத்துல எண்ணெய் அடைச்சுப் போச்சு.

வெளியே குழாய் விட எந்த வழியும் இல்லாதவங்க என்ன செய்றதுன்னு முன்வரிசையில ஒரு அக்கா கேட்கிறாங்க. அக்கா, ஜன்னல்லயோ வெளிச்சுவர்லயோ ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட இடம் இருந்தா அதையே மாட்டுங்க. றெக்கையில எண்ணெய் படியும், துடைக்கணும், அது ஒரு தொல்லைதான். ஆனா ஆவியும் சூடும் நிஜமாவே வெளியே போகும். டக்ட் இல்லாத சிம்னிக்கு 15,000 கொடுக்கிறதைவிட அது மேல்.

என் உள்கடன்ல இன்னும் மூணு தவணை பாக்கி இருக்கு. முறுக்கு இப்ப நமக்கிறதில்லை, அந்தக் கடைக்காரர் மறுபடி ஆர்டர் தர்றார். குழாய் எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்னா செவ்வாய், வெள்ளி தவிர எந்த நாளும் சாயங்காலம் வீட்டுக்கு வாங்க. கூடவே ஒரு ஊதுபத்தியும் எடுத்துட்டு வாங்க, ஏத்திப் பார்ப்போம்.